குழு வட்டியைப் பிரிக்க மூன்று கணக்கு: எது யாருக்குப் பொருந்தும்?

மகளிர் சேமிப்புக் குழுவின் மார்ச் மாதக் கடைசிக் கூட்டத்தில் சேமிப்பைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. அவரவர் கட்டியது அவரவர் பாஸ்புக்கில் இருக்கிறது. கடனைப் பற்றியும் பெரிதாகப் பேச்சு இருக்காது. குழுப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்கே கொடுக்கும் உள்கடனில் வருஷம் முழுக்க வந்து சேர்ந்த வட்டியை எப்படிப் பிரிப்பது என்று வரும்போதுதான் குரல் உயரும்.

எங்கள் பக்கம், அதாவது கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், இந்தச் சண்டைக்கு இன்னொரு காரணமும் உண்டு. குழு, கேரள அரசின் மகளிர் திட்டமான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம். உறுப்பினர்களில் பலர் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவர்கள். அங்கே பல மகளிர் குழுக்களில் மாதம் ஒரு தடவை எல்லாரும் ஒரே தொகை கட்டுவார்கள். இங்கே வாரம் ஒரு கூட்டம், அவரவர் வசதிக்கு ஏற்ற சேமிப்பு. ஒருவர் 50 கட்டுவார், பக்கத்தில் இருப்பவர் 200 கட்டுவார். "எங்க ஊர்ல ஆளுக்குச் சமமாத்தான் பிரிப்போம்" என்று மருமகளாக வந்தவர் சொல்வது பொய்யில்லை. அவருடைய ஊருக்கு அது சரியான கணக்கும்கூட. எல்லாரும் ஒரே நாளில் சேர்ந்து, ஒரே தொகையை, ஒரே தேதியில் கட்டி வந்தால் எந்த முறையில் பிரித்தாலும் ஒரே விடைதான் வரும். சமப் பங்கு அங்கே ஒரு குறுக்குவழி, அவ்வளவுதான். சேமிப்பு ஆளுக்கு ஆள் மாறும் இடத்தில் அந்தக் குறுக்குவழி எங்கே போய் முட்டுகிறது என்று ஒரு குழுவை வைத்துப் பார்க்கலாம்.

கணக்குக்காக நான் அமைத்த குழு இது. ஆனால் இதில் வரும் நான்கு மாதிரி ஆட்களும் எந்தக் குழுவிலும் இருப்பார்கள். மொத்தம் 12 பேர். குழுவுக்கு இது இரண்டாவது வருஷம். மாதம் நான்கு கூட்டத்தில் சேமிப்பு வாங்குவார்கள். ஐந்தாவது வாரம் வந்தால் அன்று கடன் தவணை மட்டும். ஒன்பது பேர் வாரம் 50 ரூபாய் தவறாமல் கட்டுகிறவர்கள். போன வருஷத்துச் சேமிப்பு 2,400, இந்த வருஷம் 2,400, ஆக மார்ச் கடைசியில் ஆளுக்கு 4,800. பத்தாவது ஆள் பெட்டிக்கடை அக்கா. அவரும் இதே போலக் கட்டியவர்தான், ஆனால் மார்ச் மாதம் சீட்டு எடுத்த பணம் 4,800-ஐக் கூடுதலாகக் கொண்டுவந்து கட்டினார். அவர் சேமிப்பு 9,600. பதினோராவது ஆள் பால்கார அக்கா. மாடு இருந்தபோது வாரம் 200 கட்டி, போன வருஷமே 9,600 சேர்த்துவிட்டார். மாட்டை விற்ற பிறகு இந்த வருஷம் ஒரு ரூபாயும் கட்டவில்லை, எடுக்கவும் இல்லை. கடைசி ஆள் அக்டோபரில் சேர்ந்த புதுப்பெண். ஆறு மாதத்தில் 1,200 ரூபாய்.

எல்லாருடைய சேமிப்பையும் கூட்டினால் 63,600. பிரிப்பதற்கு இருப்பது 4,560 ரூபாய். அந்தத் தொகை எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

சமப் பங்கு என்றால் 4,560-ஐப் பன்னிரண்டால் வகுத்து ஆளுக்கு 380. நோட்டில் ஒரே வரி, கால்குலேட்டர்கூட வேண்டாம். ஆனால் 1,200 ரூபாயை அரை வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய புதுப்பெண்ணுக்கும் 380, 9,600 ரூபாயை வருஷம் முழுக்கக் குழுவிடம் விட்டுவைத்த பால்கார அக்காவுக்கும் 380. கடன் வாங்கியவர்கள் கையில் வருஷம் பூராவும் சுற்றியதில் பெரும்பங்கு யாருடைய பணம் என்று பார்த்தால் பால்கார அக்காவுக்குக் கோபம் வரத்தான் செய்யும். அவர் கோபப்படாவிட்டாலும் அடுத்த மாதம் பணத்தை எடுத்துவிடுவார். அது இன்னும் மோசம்.

அடுத்தது, மார்ச் 31 அன்று இருக்கும் சேமிப்புக்கு ஏற்பப் பிரிப்பது. பல செயலாளர்கள் இதைத்தான் நியாயமான முறை என்று நினைத்துச் செய்கிறார்கள். 4,560-ஐ 63,600-ஆல் வகுத்தால் நூறு ரூபாய்ச் சேமிப்புக்கு ஏழு ரூபாய் பதினேழு பைசா. தவறாமல் கட்டியவருக்கு 344, புதுப்பெண்ணுக்கு 86. பால்கார அக்காவுக்கு 688. பெட்டிக்கடை அக்காவுக்கும் அதே 688! அவருடைய பணத்தில் பாதி குழுவுக்குள் வந்தே சில நாள்தான் ஆகிறது. அந்த 4,800-ஐ யாருக்கும் கடனாகக் கொடுக்கவில்லை, அது வங்கியில் கிடக்கிறது. ஒரு பைசா வட்டியும் ஈட்டாத பணத்துக்கு 344 ரூபாய் பங்கு. இதை அவர் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு வருஷம் இப்படி நடந்துவிட்டால், அடுத்த வருஷம் மார்ச்சில் மூன்று பேர் பணம் கொண்டுவந்து கட்டி ஏப்ரலில் எடுப்பார்கள். பிப்ரவரி வரை சோம்பிக் கிடந்த சேமிப்பு மார்ச்சில் மட்டும் ஏறுவதும், ஏப்ரலில் பணம் எடுக்கும் விண்ணப்பங்கள் வருவதும் லெட்ஜரில் தெரிந்தால், குழு இந்த முறையில் பிரிக்கிறது என்று நோட்டைத் திருப்பாமலே சொல்லலாம். நான்கு மாதம் சேமிப்புக் கட்டாமல் இருந்துவிட்டு மார்ச்சில் மொத்தமாகக் கட்டுகிறவரும் இதில் தப்பித்துக்கொள்வார், ஏனென்றால் கடைசி இருப்பு மட்டும்தான் கணக்கில் வருகிறது.

மூன்றாவது முறை, எவ்வளவு பணம் என்பதோடு எத்தனை மாதம் இருந்தது என்பதையும் சேர்ப்பது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இருந்த சேமிப்பை எழுதி, பன்னிரண்டையும் கூட்ட வேண்டும். 100 ரூபாய் பன்னிரண்டு மாதம் இருந்தால் 1,200 என்று வரும், ஒரு மாதம் இருந்தால் 100. அந்தக் கூட்டுத்தொகையின் விகிதத்தில் வட்டியைப் பிரிப்பது.

தவறாமல் கட்டியவருக்கு ஏப்ரல் கடைசியில் 2,600, மே 2,800 என்று ஏறி மார்ச்சில் 4,800. பன்னிரண்டையும் கூட்டினால் 44,400. ஒன்பது பேருக்கும் இதே தொகை. பெட்டிக்கடை அக்காவுக்கு இதோடு மார்ச்சில் மட்டும் 4,800 கூடும், ஆக 49,200. பால்கார அக்காவுக்கு மாதா மாதம் 9,600, ஆக 1,15,200. புதுப்பெண்ணுக்கு அக்டோபரில் 200-இல் தொடங்கி மார்ச்சில் 1,200 வரை, மொத்தம் 4,200. எல்லாம் சேர்ந்து 5,68,200. இப்போது மூன்று முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

| | சமப் பங்கு | மார்ச் இருப்பு | மாத இருப்பு |
|---|---|---|---|
| தவறாமல் கட்டியவர் (9 பேர், ஆளுக்கு) | 380 | 344 | 356 |
| பெட்டிக்கடை அக்கா | 380 | 688 | 394 |
| பால்கார அக்கா | 380 | 688 | 924 |
| புதுப்பெண் | 380 | 86 | 33 |

பைசாவை விட்டுவிட்டால் கடைசி முறையில் 5 ரூபாய் மிஞ்சும். அதைக் குழு வரவில் வைத்துக்கொள்ளலாம். அரை ரூபாய்க்கு மேல் போனதை முழு ரூபாயாக ஏற்றினால், ஒரு வருஷம் இல்லாவிட்டால் ஒரு வருஷம், இருப்பதைவிட இரண்டு ரூபாய் அதிகமாகப் பிரித்துவிட்டு, அது எங்கே போயிற்று என்று ராத்திரி முழுக்கத் தேட வேண்டிவரும். அதனால் கீழ்நோக்கிக் குறைப்பதே நல்லது.

எனக்கு இந்தக் கடைசி முறைதான் சரியாகப் படுகிறது, சேமிப்பு ஆளுக்கு ஆள் மாறும் குழுவுக்கு. ஒன்பது பேருக்கு மூன்று முறையிலும் பெரிய வித்தியாசமே இல்லை என்பதையும் கவனியுங்கள். கூட்டத்தில் பெரும்பான்மை இவர்களுடையது. இவர்களுக்கு எந்த முறையானாலும் ஒன்றுதான் என்பதால், எளிதான சமப் பங்குக்குக் கை தூக்கிவிடுவார்கள். நஷ்டம் ஏறக்குறைய மொத்தமும் ஒரே ஆள் தலையில் விழும்.

மாத இருப்பு முறைக்கு வேலை அதிகம் என்பார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு எண் எழுத வேண்டும், உண்மைதான். ஆனால் மாதா மாதம் லெட்ஜரில் இருப்புப் போடுகிற குழுவுக்கு அந்த எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன. போனில் ஒரு ஷீட் திறந்து, A-இல் பெயர், B முதல் M வரை ஏப்ரல் முதல் மார்ச் வரை என்று போட்டால், 12 பேருக்கு இரண்டாவது வரிசையிலிருந்து பதின்மூன்றாவது வரை வரும். N2-விலும் O2-விலும் இதை எழுதிக் கீழே இழுத்தால் போதும்:

```
N2:  =SUM(B2:M2)
N14: =SUM(N2:N13)
O2:  =INT(4560*N2/N$14)
```

சரிபார்க்க ஒரு வழி இதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மாதப் பத்தியையும் கீழே கூட்டினால் அந்த மாதக் கடைசியில் குழுவின் மொத்தச் சேமிப்பு வர வேண்டும். மாத அறிக்கையில் எழுதிய தொகையோடு அது ஒத்துப்போகாவிட்டால், அந்த மாதத்தில் யாரோ ஒருவருடைய வரவு தவறிப்போயிருக்கிறது. வருஷம் முழுவதையும் தேட வேண்டாம், அந்த ஒரு மாதத்தின் நான்கு கூட்டங்களைப் பார்த்தால் போதும்.

இதில் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 30-ஆம் தேதி கட்டிய பணத்துக்கும் அந்த மாதம் கணக்கா? அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் 10-ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை இருந்த குறைந்த இருப்பைத்தான் வட்டிக்கு எடுப்பார்கள். வாரக் கூட்டத்தில் அப்படிச் செய்தால் மூன்றாவது, நான்காவது வாரச் சேமிப்பு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். எல்லாருக்கும் ஒரே போலத் தள்ளுவதால் அநியாயம் இல்லை, ஆனால் கணக்கு சிக்கலாகும். மாதக் கடைசி இருப்பை எடுத்துக்கொண்டு, 500 ரூபாய்க்கு மேல் மொத்தமாகக் கட்டும் தொகைக்கு மட்டும் அடுத்த மாதத்திலிருந்து கணக்கு என்று வைத்தால் போதும். பெட்டிக்கடை அக்காவின் 4,800-க்கு அப்போது இந்த வருஷம் ஒன்றும் கிடைக்காது.

கடன் வாங்கியவர்கள் பக்கம் ஒரு வாதம் இருக்கிறது, அதைத் தட்டிவிட முடியாது. வட்டியைக் கட்டியது நாங்கள், பங்கு மட்டும் சேமித்தவர்களுக்கா? நம் குழுவில் தவறாமல் கட்டும் ஒன்பது பேரில் ஒருவர் மட்டும் வருஷத்தில் 1,200 ரூபாய் வட்டி கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்கும் தொகையில் பாதியை மாத இருப்புக்கும் மறு பாதியைக் கட்டிய வட்டிக்கும் ஏற்பப் பிரித்தால், அவருக்கு 356-க்குப் பதில் ஏறக்குறைய 714 வரும். பால்கார அக்கா கடனே வாங்காதவர் என்றால் 924 பாதியாகி 462 ஆகிவிடும். இரண்டு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வாங்கும் குழுவாக இருந்தால் இந்தப் பாதிக்குப் பாதியை நானே ஆதரிப்பேன். நம் குழு வாங்குவது ஒரு வட்டி. அங்கே கடன்காரருக்குச் சலுகை ஏற்கெனவே வட்டி விகிதத்திலேயே கிடைத்துவிட்டது. வெளியே வாரத் தவணைக்குக் கடன் கொடுப்பவர்களிடம் என்ன கட்டுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியும்.

இனி அந்த 4,560 எங்கிருந்து வந்தது? கடன் வட்டி 5,100, கூட்டத்துக்கு வராதவர்களின் அபராதம் 60, வங்கிச் சேமிப்புக் கணக்கில் வட்டி 80. இதிலிருந்து நோட்டு, ஜெராக்ஸ், ஆடிட் கட்டணம் என்று 680 போனது. மீதம் 4,560. இந்தக் குழு வங்கிக் கடன் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் வங்கிக்குக் கட்டிய வட்டியும் செலவில் கழிய வேண்டும். அதை மறந்து, வங்கிப் பணத்தைச் சுழற்றி வந்த வட்டி முழுவதையும் லாபம் என்று பிரித்த குழுக்கள் உண்டு.

அதைவிட அதிகம் நடப்பது, வர வேண்டிய வட்டியை வந்த வட்டியாக எழுதுவது. ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் வெளியே நின்ற கடன் அசலைப் பன்னிரண்டு மாதத்துக்கும் கூட்டினால் 5,16,000. ஒரு வட்டிக் கணக்கில் 5,160 வந்திருக்க வேண்டும். வந்தது 5,100. மீதி 60 பாக்கி, யார் பாக்கி என்றும் சொல்ல முடிகிறது. இது நல்ல குழு. பாக்கி 1,500 என்று வந்து, அதையும் சேர்த்துப் பிரித்துவிட்டால், கையில் கொடுத்த 1,500 வேறு யாருடைய சேமிப்பிலிருந்தோ போனது. வராத கடனுக்கும் வட்டி ஓடுகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டே போனால், குழுவின் லாபம் ஏறிக்கொண்டே இருக்கும், பெட்டி காலியாகிக்கொண்டே இருக்கும்.

இந்தச் சோதனையைச் செய்யவே முடியாதபடி சில நோட்டுகள் இருக்கும். 5,000 ரூபாய்க் கடன், மாதம் 500 அசல், ஒரு வட்டி. முதல் மாதம் 550, அடுத்தது 545, அதற்கடுத்தது 540. செயலாளர் வரவில் 550, 545 என்று ஒரே எண்ணாக எழுதிவிட்டால், பத்து மாதத்தில் வந்த 275 ரூபாய் வட்டி அசலுக்குள் கலந்துபோகும். வருஷக் கடைசியில் பிரித்தெடுக்க ஒவ்வொரு கடனையும் திரும்பப் போட வேண்டும். அசலுக்கு ஒரு கட்டம், வட்டிக்கு ஒரு கட்டம் என்று அன்றன்றைக்கே இரண்டாக எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

பிரிப்பதற்கு முன் கடைசியாக ஒரு தட்டை இன்னொரு தட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். நம் குழுவில் வெளியே நிற்கும் கடன் 58,000, வங்கியில் 9,800, பெட்டியில் 360. மொத்தம் 68,160. மறுபக்கம் சேமிப்பு 63,600, பிரிக்காத வட்டி 4,560. அதுவும் 68,160. ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாத வருஷத்தில் வட்டியைப் பிரிக்கவே கூடாது என்பேன், எத்தனை பேர் கேட்டாலும். திட்டத்திலிருந்து குழுவுக்குத் தரும் சுழல் நிதி வந்திருந்தால் அதுவும் இந்த மறுபக்கத்தில் தனியாக நிற்க வேண்டும். அது குழுவுக்கு வந்தது, பங்கு போட வந்ததில்லை.

அப்புறம், கையில் கொடுப்பதா, பாஸ்புக்கில் ஏற்றுவதா? மார்ச்சில் கணக்கு முடித்தாலும் காசை ஓணத்துக்குக் கொடுக்கலாம் என்பார் ஒருவர், தீபாவளிக்கு என்பார் இன்னொருவர். எல்லைப்புறக் குழு என்றால் இரண்டுக்கும் சம பலம். நான் சொல்வது, இந்த வருஷம் கையில் கொடுக்க வேண்டாம். காரணம் வங்கி. தேசிய ஊரக வாழ்வாதாரத் திட்டத்தில் குழுவுக்கு முதல் கடனைக் கணக்கிடும்போது, குழுவின் சொந்த நிதியைப் போல ஆறு மடங்கு என்ற கணக்கு உண்டு. உறுப்பினர் சேமிப்பு, சுழல் நிதி, உள்கடனில் வந்த வட்டி எல்லாம் அந்த நிதியில் சேரும். 4,560 வெளியே போனால் கணக்கில் ஏறக்குறைய 27,000 ரூபாய்க் கடன் தகுதி குறையும். பங்கை அவரவர் பாஸ்புக்கில் சேமிப்பாக ஏற்றிவிட்டால் நிதி அப்படியே இருக்கும், யாருக்கு எவ்வளவு என்பதும் தீர்ந்துவிடும். அடுத்த வருஷ மாத இருப்பில் அதற்கும் பங்கு வரும். வங்கிக் கடன் எண்ணமே இல்லாத, கடன் கேட்க ஆள் இல்லாமல் பணம் வங்கியில் தூங்கும் குழு என்றால் தாராளமாகக் கையில் கொடுக்கலாம்.

யாருக்கும் எழுதாமல் பொதுவில் விட்டுவிடுவதும் ஒரு வழிதான். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று வருஷத்து வட்டி பொதுவில் கிடக்கும்போது ஒருவர் விலகினால், அவர் பங்கு என்ன என்று கேட்பார். அப்போது பழைய மாத இருப்பையெல்லாம் தோண்ட வேண்டும். நடுவில் சேர்ந்தவருக்கு, அவர் வருவதற்கு முன் ஈட்டிய வட்டியிலும் பங்கு இருப்பது போல ஒரு தோற்றம் வந்துவிடும்.

நடு வருஷத்தில் விலகுகிறவருக்குச் சேமிப்பை அன்றே கொடுத்துவிட்டு, வட்டியை மார்ச் கணக்கு முடிந்த பிறகு, அவர் இருந்த மாதங்களின் கூட்டுத்தொகைக்கு ஏற்பக் கொடுக்கலாம். ஷீட்டில் அவர் வரிசையை அழிக்கக் கூடாது. விலகிய மாதத்திலிருந்து பூஜ்யம் போட்டு மார்ச் வரை வைத்திருக்க வேண்டும்.

முறை எதுவானாலும் அதை வருஷத் தொடக்கத்தில் தீர்மானமாக எழுத வேண்டும். மார்ச்சில் முடிவு செய்தால், எந்த முறையில் தனக்கு எவ்வளவு வரும் என்று எல்லாருக்கும் அப்போது தெரிந்திருக்கும். ஏப்ரல் முதல் கூட்டத்து மினிட்ஸில் இப்படி எழுதிக் கையெழுத்து வாங்கலாம்: "இந்த வருஷம் மார்ச் 31 வரை கையில் வந்து சேர்ந்த வட்டி, அபராதம், வங்கி வட்டி ஆகியவற்றிலிருந்து செலவு போக மீதியை, உறுப்பினர்களின் மாதக் கடைசிச் சேமிப்பு இருப்பின் கூட்டுத்தொகைக்கு ஏற்பப் பிரித்து, பைசாவை நீக்கி, அவரவர் பாஸ்புக்கில் சேமிப்பாக வரவு வைப்பது. 500 ரூபாய்க்கு மேல் மொத்தமாகக் கட்டும் தொகை அடுத்த மாதத்திலிருந்து கணக்கில் சேரும். வராத வட்டி பிரிப்பில் சேராது." வந்திருந்த எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். வராதவர்களுக்கு அடுத்த வாரம் வாசித்துக் காட்டி, அவர்கள் பெயருக்கு எதிரே தேதியோடு வாங்கிக்கொள்ளலாம்.